தம்ஸ் அப் போட்டா கணக்குல வராது

ஞாயிற்றுக்கிழமை மதுரை பக்கத்துச் சமணர் மலை ஏற வருகிறவர்களுக்கு நான் குழுவில் போடும் செய்தி இதுதான்:

"முதல் பேட்ச் 5.30க்கு வந்து சேரணும், 5.45க்கு ஏறும். இரண்டாவது பேட்ச் 6.15க்கு வரணும், 6.30க்கு ஏறும். சேருமிடம் கீழக்குயில்குடி தாமரைக் குளத்தை ஒட்டிய ஐயனார் கோயில் வாசல். பெயர், எந்த பேட்ச், எதில் வருகிறீர்கள், வீட்டில் ஒருவரின் செல் நம்பர், நாலையும் வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள் எழுதி அனுப்புங்க."

'காலையில அடிவாரத்துக்கு வந்துருங்க'ன்னு சொன்னா போதாதா என்று கேட்கிறார்கள். அந்த 'அடிவாரம்'தான் வில்லங்கமே. மலை மேலே சமணச் சிற்பங்கள் இருக்கிற பேச்சிப்பள்ளத்துக்குப் படி ஏறுவது ஐயனார் கோயில் பக்கம், ஆனால் செட்டிப்புடவு குகை இருப்பது அதே மலையின் வேறு பக்கம். ஒரு தடவை ஒருத்தர் மேப்பைப் பார்த்து நேராகச் செட்டிப்புடவுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் வந்துட்டேன், யாரையும் காணோமே" என்று போன் பண்ணினார். அவர் சுற்றி வந்து சேரும்வரை முதல் பேட்ச் மொத்தமும் காத்திருந்தது, அதற்குள் இரண்டாவது பேட்ச்சும் வந்துவிட, ரெண்டும் ஒரே நேரத்தில் படியில் ஏறி, யார் எந்த பேட்ச் என்றே பிரிக்க முடியாமல் போனது. இறங்கும்போது மொட்டைப் பாறையில் வெயில் நன்றாக ஏறிவிட்டது. நிழல் பார்த்து உட்கார இடமில்லை, கையில் இருந்த தண்ணீரும் காலி. அதனால்தான் வந்து சேரும் நேரம், ஏறும் நேரம் இரண்டையும் தனித்தனியாகப் போடுகிறேன், இடையில் இருக்கிற 15 நிமிடம் ஆள் எண்ண, செருப்பு போட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப. ஏறும் நேரம் வந்துவிட்டால் கிளம்பிவிடுவோம், தாமதமாக வந்தவர் அடுத்த பேட்ச்சில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது பேட்ச்சுக்கே தாமதம் என்றால் குளக்கரையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்புறம் பதில். தம்ஸ் அப் போட்டால் செய்தியைப் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும், அவ்வளவுதான். எந்த பேட்ச் என்று தெரியாது, நடுவில் நான் நேரத்தை மாற்றினாலும் பழைய கட்டைவிரல் அப்படியே நிற்கும். "நாங்க வர்றோம்" இன்னும் மோசம், அந்த 'நாங்க' எத்தனை பேர்? தம்பியும் அவன் நண்பனும் அதில் உண்டா?

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சமணர் மலை அவ்வளவு பெரிய காடு இல்லைதான். ஆனால் எந்த மலையில் என்ன நடந்தாலும் தேடி வருகிறவர் முதலில் கேட்பது மேலே எத்தனை பேர் என்று. அதற்கு என் கையில் இருக்கும் பட்டியல் உங்கள் பதிலிலிருந்து எழுதியது.

வர முடியாவிட்டால் சனிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள், காத்திருப்பில் இருக்கிறவருக்கு இடம் போகும். பாதியில் இறங்க நினைத்தாலும் சரி, கடைசியாக வரும் எங்கள் ஆளிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், பெயரை அடித்துவிடுவார்.