எதிர்பாரா வருவாய்: சொல்லும் அதன் மேல் விழும் வரியும்

ஆங்கிலத்தில் ‘விண்ட்ஃபால்’ என்கிறார்களே, அது தோட்டத்துச் சொல். காற்றடித்துத் தானாகக் கீழே விழுந்த பழத்துக்கோ மரக்கிளைக்கோதான் முதலில் அந்தப் பெயர். ஏறாமல் பறிக்காமல் கிடைத்ததால், உழைக்காமல் வந்த எந்தப் பணத்துக்கும் பின்னாளில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. லாட்டரியில் பரிசு ‘விழுந்தது’ என்றுதான் நாமும் சொல்கிறோம், கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பதும் இதே சங்கதிதான். எழுத்துத் தமிழில் ‘எதிர்பாரா வருவாய்’ என்பது பொருத்தமாக இருக்கும். ‘திடீர் லாபம்’ என்றும் எழுதுகிறார்கள், ஆனால் லாபம் என்றால் முதல் போட்டு வியாபாரம் செய்தது போல ஒலிக்கிறது, அதனால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எண்ணெய் விலை ஏறியபோது 2022இல் எண்ணெய் நிறுவனங்கள் மேல் போட்டார்களே ஒரு வரி, அதற்கு வேண்டுமானால் ‘திடீர் லாப வரி’ சரியாக இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது ‘ஈட்டிய வருமானம்’. சம்பளம், கடை, தொழில் என்று உழைத்துச் சேர்த்தது. இந்திய வருமான வரிச் சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 1972 வரை லாட்டரிப் பரிசு ‘வருமானம்’ என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை, தற்செயலாக ஒருமுறை வந்தது என்று விட்டுவிட்டார்கள். 1968இல் தமிழ்நாடு அரசு பரிசுச்சீட்டு தொடங்கியபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று விளம்பரம் செய்ததை அந்தக் கணக்கில்தான் படிக்க வேண்டும். இப்போது விழுந்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்டுக்குத்தான்.

பிறகு 1986 நிதிச் சட்டம் 115பிபி என்ற பிரிவைக் கொண்டுவந்து லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் போன்றவற்றின் பரிசுக்குத் தனி விகிதம் வைத்தது. முதலில் 40 சதவீதம், பிறகு 30. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் விகிதம் அதே 30தான். சம்பளத்துக்கு இருப்பது போல அடுக்கடுக்கான விகிதம் இங்கே கிடையாது, முதல் ரூபாய்க்கும் கடைசி ரூபாய்க்கும் ஒரே விகிதம். தமிழில் இதை ‘ஒரே விகித வரி’ என்று சொன்னாலே போதும்.

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி விற்பனைக்குத் தடை வந்துவிட்டதால் நம் ஆட்கள் கேரளச் சீட்டு வாங்குகிறார்கள் (2023 திருவோணம் பம்பர் 25 கோடி திருப்பூர்க்காரர்களுக்குத்தான் விழுந்தது). அதனால் கேரளக் கணக்கையே பார்ப்போம். ஒருவருக்கு 1 கோடி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு வேறு வருமானம் இல்லை. முதலில் சீட்டு விற்ற ஏஜெண்டின் கமிஷன் கழியும். அந்த விகிதம் அவ்வப்போது மாறும், இங்கே 10 சதவீதம் என்று கொள்வோம். மீதி 90 லட்சம். அதில் 30 சதவீதம், அதாவது 27 லட்சம், டிடிஎஸ் என்று பிடித்துக்கொண்டு 63 லட்சத்தைக் கணக்கில் போடுவார்கள்.

பலர் இத்தோடு வரி முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. பிடித்தது வெறும் 30 சதவீதம்தான், சர்சார்ஜும் செஸ்ஸும் அதில் சேராது. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் உண்டு, ஆக 2.70 லட்சம். 29.70 லட்சத்தின் மேல் 4 சதவீதம் செஸ், 1,18,800 ரூபாய். மொத்த வரி 30,88,800. ஏற்கெனவே போனது 27 லட்சம், ஆகவே இன்னும் 3,88,800 ரூபாயை அவரே கட்ட வேண்டும். அதையும் பரிசு விழுந்த பிறகு வரும் முன்வரித் தவணைகளில், கடைசியாக மார்ச் 31க்குள் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டி ஏறும். கையில் உண்மையாக நிற்பது 59 லட்சத்துச் சொச்சம்.

இதே 90 லட்சம் சம்பளமாக வந்திருந்தால், 2025-26 புதிய முறைப்படி, வரி ஏறத்தாழ 25.8 லட்சம். வித்தியாசம் 5 லட்சம்தான், பெரிய தொகைக்கு இது பெரிதாகத் தெரியாது. சின்னப் பரிசுக்காரரைப் பாருங்கள். 12 லட்சம் சம்பளம் வாங்குபவருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. 12 லட்சம் லாட்டரியில் விழுந்தவருக்கு 3,74,400 ரூபாய், ஏனென்றால் அடிப்படை விலக்கும் கிடையாது, தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடியும் கிடையாது. ஒரே விகிதம் என்றால் எல்லாருக்கும் சமம் போலத் தோன்றினாலும், அடி பலமாக விழுவது கீழே இருப்பவருக்குத்தான்.

சரி, ஏன் இப்படி? முதல் காரணம் வசூல் வசதி. பரிசு கொடுப்பவருக்கு வென்றவரின் மற்ற வருமானம் எவ்வளவு என்று தெரியாது, அடுக்கு பார்த்துக் கழிக்க முடியாது, ஒரே எண் என்றால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். இரண்டாவது, செலவுக் கணக்கு. கடைக்காரர் வாடகையையும் கூலியையும் கழித்துக்கொள்வார், லாட்டரியில் எந்தச் செலவையும் கழிக்க சட்டம் விடுவதில்லை. விட்டால் விழாத சீட்டுகளைத் தெருத்தெருவாகப் பொறுக்கி வந்து ‘இதெல்லாம் என் செலவு’ என்று காட்ட ஆள் இருக்கும். மூன்றாவதுதான் என் கணக்கில் வலுவானது: பரிசு விழுந்த சீட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, கறுப்புப் பணத்தை ‘லாட்டரியில் விழுந்தது’ என்று வெள்ளையாக்கும் வழி. விகிதம் உச்சத்தில் இருந்தால், விலக்கும் இல்லாவிட்டால், அந்த வழியில் மிச்சம் குறைகிறது. பொருளாதாரக்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். சம்பளத்துக்கு வரி கூடினால் வேலை செய்யும் ஆசை குறையலாம், மேலே இருந்து விழுந்த பணத்துக்கு வரி போட்டால் யாருடைய உழைப்பும் குறையாது. அது உண்மைதான், ஆனால் பிரிட்டனில் லாட்டரிப் பரிசுக்கு வருமான வரியே இல்லை, அமெரிக்காவில் மற்ற வருமானத்தோடு சேர்த்து அடுக்கு விகிதத்தில் போடுகிறார்கள். ஆகவே ஒரே விகிதம்தான் வழி என்று எதுவும் இல்லை.

‘பரிசு’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. அரசு வழங்கும் அல்லது அங்கீகரித்த விருதுகளோடு வரும் பணமும் பரிசுதான், அதற்கு வரிவிலக்கு இருக்கிறது. டிவி போட்டியில் வென்றது அப்படி இல்லை, லாட்டரியோடு சேரும். பணமாக இல்லாமல் காராகக் கொடுத்தாலும் அதன் மதிப்பில் 30 சதவீத வரி கட்டப்பட்ட பிறகுதான் சாவியைக் கொடுக்க முடியும். 10 லட்சம் காருக்கு 3 லட்சம் ரொக்கம் முதலில் வேண்டும். போட்டி நடத்துபவரே அந்த வரியைக் கட்டுவாரா, வென்றவர் தலையில் கட்டுவாரா என்பது விதிமுறைகளில் சின்ன எழுத்தில் இருக்கும், கலந்துகொள்ளும் முன் அந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள்.