ஹாட்கீ மோதினால் எக்செல் வெல்லாது: முகவரி ஸ்கிரிப்ட் எழுதுவோர் கவனத்திற்கு

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரே வகைப் புகார் மீண்டும் மீண்டும் வருவதால் இதை எழுத வேண்டியதாயிற்று. அடிக்கடி தட்ட வேண்டிய டெலிவரி முகவரியை ஒரே விசையில் வரவழைக்க ஆட்டோஹாட்கீயில் சிறு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் நினைவில் நிற்க எளிது என்பதற்காக, ஏற்கெனவே வேறு வேலை உள்ள விசையை அதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். அண்மையில் என்னிடம் வந்த கோப்பின் ஸ்கிரிப்ட் ஏறத்தாழ இப்படி இருந்தது:

```
^d::SendText "பெயர்`nகதவு எண் #4, தெரு`nஊர்`nஅஞ்சல் குறியீடு"
```

எக்செலில் Ctrl+D என்பது மேல் கலத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுத்த பகுதி முழுவதும் கீழே நிரப்பும் விசை. அந்தக் கோப்பின் உரிமையாளர் C2 கலத்தில் சூத்திரம் எழுதி, C2 முதல் C40 வரை தேர்ந்தெடுத்து, வழக்கம்போல் Ctrl+D அழுத்தியிருக்கிறார். சூத்திரம் கீழே இறங்கவில்லை. C2-இல் இருந்த சூத்திரத்தின் மீதே பெயர் விழுந்தது. Enter அடுத்த கலத்துக்கு நகர்த்த, C3, C4, C5 ஆகியவற்றில் முகவரியின் மற்ற வரிகள் வந்து உட்கார்ந்தன. விசை சரியாகப் பதியவில்லை என்று எண்ணி அவர் மறுபடியும் அழுத்தினார். கடைசி வரிக்குப் பின் Enter இல்லாததால் C5 இன்னும் திருத்த நிலையிலேயே இருந்தது. ஆகவே அஞ்சல் குறியீட்டின் வாலில் பெயர் ஒட்டிக்கொண்டது, மீதி வரிகள் C6-இல் தொடங்கி இறங்கின. இப்படி இரு வரிகள் ஒரே கலத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டால், விசை இருமுறை அழுத்தப்பட்டிருக்கிறது என்று அறியலாம். உடனே கவனித்தால் Ctrl+Z-ஐப் பலமுறை அழுத்தி மீட்கலாம். சேமித்து மூடிவிட்ட கோப்பில் அந்த வழி கிடையாது.

இந்த நிகழ்ச்சிக்குக் காரணமான தவறான நம்பிக்கையைத்தான் நான் முதலில் களைய விரும்புகிறேன். "எக்செல் திறந்திருக்கும்போது எக்செலின் விசைதானே முந்தும்" என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முந்தாது. வரம்பு எதுவும் குறிப்பிடாமல் எழுதிய ஹாட்கீ எல்லாச் சாளரங்களுக்கும் பொருந்தும். விசையை ஆட்டோஹாட்கீ பெற்றுக்கொண்டபின் எக்செலுக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. அப்படி ஒரு விசை அழுத்தப்பட்டது என்பதுகூட எக்செலுக்குத் தெரியாது. ஆகவே முன்னால் இருக்கும் நிரல் எது என்பதால் மட்டும் எந்தப் பாதுகாப்பும் வந்துவிடாது.

இதைச் சொன்னதும் சிலர், விசைக்கு முன் ~ குறி இட்டால் மோதல் தீர்ந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டதாகக் கூறுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குறி, விசையை உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கும் நிரலுக்கும் சேர்த்தே கொடுக்கிறது. எக்செல் நிரப்பவும் செய்யும், அதன் மேல் முகவரியும் விழும். சூத்திரம் கீழே இறங்கியதைப் பார்த்து நிம்மதி அடைபவர், மேல் நான்கு கலங்கள் கெட்டுப்போனதைக் கவனிக்காமலே விட்டுவிட வாய்ப்புண்டு.

முகவரிக்கு நான் பரிந்துரைப்பது ஹாட்கீயை அன்று, ஹாட்ஸ்டிரிங்கை. ஒரு சுருக்கெழுத்தைத் தட்டினால் முழு முகவரியாக விரிவதே அது. எந்த நிரலின் குறுக்கு விசையோடும் அது மோதாது.

```
#Requires AutoHotkey v2.0
:*T:]ad::
(
பெயர்
கதவு எண் #4, தெரு
ஊர்
அஞ்சல் குறியீடு
)
```

சாதாரண எழுத்தில் வராத ] போன்ற குறியில் தொடங்குவது முக்கியம், வெறும் ad என்று வைத்தால் அந்த இரு எழுத்துகளில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் முகவரியாக வெடிக்கும். நட்சத்திரக் குறி, இடைவெளிக்குக் காத்திராமல் உடனே விரியச் செய்கிறது. T என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் முகவரியில் உள்ள # என்பது விண்டோஸ் விசையாகப் புரிந்துகொள்ளப்படும். #4 என்று எழுதிய இடத்தில் டாஸ்க்பாரின் நான்காவது நிரல் திறக்கும். தொலைபேசி எண்ணின் முன் வரும் + குறி ஷிஃப்ட்டாக மாறி, அடுத்த இலக்கத்தைக் குறியீடாக்கிவிடும். முகவரி தட்டும்போது தொடர்பில்லாத நிரல்கள் திறக்கின்றன என்று வைரஸ் தேட வருபவர்களுக்கு நான் முதலில் திருத்திக் கொடுப்பது இதைத்தான். மேலும், உரையாடல் செயலிகளில் ஒவ்வொரு வரி முடிவும் செய்தியை அனுப்பிவிடும் என்பதால், அங்கே பயன்படுத்த ஒற்றை வரி முகவரிக்கு வேறொரு சுருக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விசைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், அது எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை எழுதியே தீர வேண்டும்.

```
#HotIf WinActive("ahk_exe chrome.exe")
^+F9::SendText "பெயர், கதவு எண் #4, தெரு, ஊர்"
#HotIf
```

அந்தச் சாளரம் முன்னால் இல்லாதபோது விசை தன் பழைய வேலையையே செய்யும். "எக்செல் தவிர எல்லா இடத்திலும்" என்று எழுதுவதைவிட "இந்த நிரலில் மட்டும்" என்று எழுதுவதே நல்லது, ஏனெனில் விலக்க வேண்டிய நிரல்களின் பட்டியல் ஒருபோதும் முழுமையாகாது. நிரலின் பெயர் தெரியவில்லை என்றால், பணிப்பட்டை ஓரத்தில் உள்ள பச்சை H சின்னத்தை வலச்சொடுக்கி Window Spy-யைத் திறந்தால் காட்டும். கடைசியில் உள்ள தனி #HotIf வரியை மறந்தால், அதற்குக் கீழே எழுதும் எல்லா ஹாட்கீகளும் அதே வரம்புக்குள் சிக்கிக்கொள்ளும்.

நிரலோடு அல்லாமல் இன்னொரு ஸ்கிரிப்ட்டோடு மோதும்போது அடையாளம் வேறு. ஒரே கோப்பில் ஒரே ஹாட்கீயை இருமுறை எழுதினால் தொடக்கத்திலேயே பிழைச் செய்தி வந்துவிடும். இரண்டு கோப்புகளில் எழுதினால் எந்தச் செய்தியும் வராது. பொதுவாகக் கடைசியில் தொடங்கிய ஸ்கிரிப்ட்டே விசையைப் பெறுகிறது. அதனால்தான் "நேற்று முகவரி வந்தது, இன்று கையொப்பம் வருகிறது" என்ற புகார் எழுகிறது: கணினி தொடங்கும்போது ஸ்கிரிப்ட்டுகள் ஏறும் வரிசை மாறியிருக்கிறது. H சின்னத்தை இருமுறை சொடுக்கி, View பட்டியலில் Hotkeys and their methods என்பதைப் பார்த்தால் அந்த ஸ்கிரிப்ட் உரிமை கோரும் விசைகள் தெரியும். ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் சின்னத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டும். பார்த்த பின் எல்லா முகவரி, கையொப்ப ஹாட்கீகளையும் ஒரே கோப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதன்பின் மோதலைப் பிழைச் செய்தியே காட்டிக்கொடுக்கும்.

எல்லா ஸ்கிரிப்ட்டையும் Suspend Hotkeys மூலம் நிறுத்திய பிறகும் அந்த விசை எதிர்பாராத வேலையைச் செய்தால், உரிமையாளர் வேறெங்கோ இருக்கிறார். அப்போது டெஸ்க்டாப்பில் உள்ள குறுக்கு வழிச் சின்னங்களின் Properties-இல் Shortcut key பெட்டியைப் பாருங்கள். Ctrl+Alt+எழுத்து வகை மோதல்களில் பலரும் தேட மறக்கும் இடம் அது. சுருக்கம் ஒரு குறிப்பிட்ட சாளரத்தில் மட்டும் அறவே விரியவில்லை என்றால் மோதலைத் தேட வேண்டாம். அந்த நிரல் நிர்வாகி உரிமையோடு திறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் சாதாரண உரிமையில் ஓடும் ஸ்கிரிப்ட்டால் அத்தகைய சாளரத்தில் தட்ட முடியாது.