டீச்சர் அனுப்பிய கிரீம் டப்பாவின் படம்

ஜூன் மாதத்தில் ஒரு நாள். வெள்ளவத்தையில் எங்கள் பார்மசியைத் திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. வெள்ளை டப்பா, இளஞ்சிவப்பு மூடி. கீழே ஒரு வரி: "தங்கச்சி, இது வெயிலுக்குக் காணுமோ?"

அனுப்பியவர் எங்களிடம் வழக்கமாக மருந்து வாங்கும் டீச்சர். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருக்கிறது. வெயிலுக்குக் கிரீம் பூசாமல் வெளியே போக வேண்டாம் என்று தோல் வைத்தியர் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே 'எஸ்பிஎஃப் 15' என்று எழுதிய ஒரு டப்பா இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனால் டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே மூடியில் பகல் கிரீம், இரவு கிரீம், வாசனை இல்லாதது என்று நாலு வகை வரும். ஒரே வகைகூட இந்தியாவில் செய்தது ஒரு விதமாகவும் தாய்லாந்தில் செய்தது வேறு விதமாகவும் இருக்கும். முன்பக்கப் படத்தைப் போட்டு இணையத்தில் தேடினால் அச்சு அசலாக அதே டப்பா வரும். அதன் கீழே இருக்கும் பொருட்பட்டியல் வேறொரு நாட்டு டப்பாவினுடையதாக இருக்கும். பார்கோடும் இதற்கு உதவாது. 479 என்று தொடங்கினால் இலங்கை, 890 என்றால் இந்தியா என்பது அந்த எண் எந்த நாட்டு அமைப்பில் பதிவானது என்பதைத்தான் சொல்லும். எங்கே செய்தார்கள் என்பதற்கு அது சாட்சி அல்ல.

அதனால் டப்பாவை ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் போடாமல், மெல்லச் சுழற்றி ஒரு வீடியோ எடுக்கச் சொன்னேன். வளைந்த டப்பாவைப் படம் எடுத்தால் வரிகளின் ஓரம் வெட்டுப்பட்டுப் போகும். வீடியோவில் நிறுத்தி நிறுத்தி வாசிக்கலாம். அடிப்பக்கத்தையும் கேட்டேன். காலாவதித் திகதி, தொகுதி எண், மூடி திறந்த டப்பாவின் சின்னப் படத்துக்குள் '12M' என்று போட்டிருக்கும் குறி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்தக் குறி, திறந்த பின் 12 மாதத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

வீடியோ வந்தது. பொருட்பட்டியலின் மேல் பாதியை மறைத்தபடி இறக்குமதியாளரின் ஒட்டு. இது எங்கள் ஊர் வழக்கம், என்ன செய்வது! நகத்தால் மெல்ல உரித்து மறுபடி எடுத்து அனுப்பினார்.

இப்போது வாசிக்கலாம். தண்ணீர், கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், நியாசினமைட், எதில்ஹெக்சில் மெத்தொக்சிசின்னமேட், இன்னும் சில, அப்புறம் பீனொக்சிஎதனோல், வாசனை, கடைசியில் CI 77891.

பட்டியலில் அதிக அளவில் இருப்பது முதலிலும் குறைந்தது பின்னாலும் வரும். 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க நான் பீனொக்சிஎதனோலைத் தேடுவேன். கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் பொருள் அது. ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் துளித் துளிதான்.

பட்டியலில் வெயிலைத் தடுக்கும் பொருள் ஒன்றே ஒன்று, அந்த மெத்தொக்சிசின்னமேட். அது நன்றாகத் தடுப்பது யூவிபி கதிரை, அதாவது தோலைச் சிவக்க வைத்து எரிக்கும் கதிரை. எஸ்பிஎஃப் என்ற எண்ணும் பெரும்பாலும் அதைத்தான் அளக்கிறது. ஆகவே '15' என்று போட்டது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணுக்கு உதவும் பொருள் இதில் இருக்கிறது. டீச்சரின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மங்கு இன்னும் கருப்பதில் யூவிஏ கதிருக்கும் பங்கு உண்டு. அது பஸ்ஸின் கண்ணாடியையும் தாண்டி வரும். அதைத் தடுக்கும் என்பதற்கான அடையாளம் டப்பாவில் எங்கும் இல்லை. 'பிஏ' என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இல்லை, வட்டத்துக்குள் 'யூவிஏ' என்ற ஐரோப்பியக் குறியும் இல்லை. பட்டியலிலும் யூவிஏயைத் தடுக்கும் சிங்க் ஒக்சைட்டோ பியூட்டைல் மெத்தொக்சிடைபென்சொயில்மீதேனோ இல்லை.

"டைட்டேனியம் இருக்கிறதே?" என்று கேட்டார். இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார், கெட்டிக்காரி. CI 77891 டைட்டேனியம் டயொக்சைட்தான். ஆனால் அந்த எண் நிறப்பொருளுக்குரிய எண். பட்டியலின் வாலில், வாசனைக்கும் பின்னால் அப்படி வந்தால், கிரீமுக்கு வெள்ளை நிறம் கொடுக்கத்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். பூசிய கையோடு முகம் கொஞ்சம் வெளுத்தது போலத் தெரிவதும் அதனால்தான். வெயில் காப்பாக அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இத்தனையும் லேபலில் எழுதியது உண்மை என்று வைத்துக்கொண்டு சொல்வது. போலி டப்பாவில் பட்டியலையும் அப்படியே அச்சடித்துவிடுவார்கள். அதைப் படத்தில் பிடிப்பது கடினம். பட்டியலே இல்லாமல், 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்' என்று எழுதிய வெள்ளையாக்கும் கிரீம் என்றால் மட்டும் நான் யோசிக்கவே மாட்டேன். பாதரசம் இருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. அன்றைக்கே நிறுத்தச் சொல்வேன்.

டீச்சரின் டப்பாவுக்கு வருவோம். கடைசியாக ஒன்று கேட்டேன்: எப்போது திறந்தீர்கள்? தைப்பொங்கலுக்கு. இன்னும் எவ்வளவு மிச்சம்? பாதி.

50 கிராம் டப்பா. 150 நாளில் 25 கிராம் போயிருக்கிறது, நாளொன்றுக்கு 0.17 கிராம். எஸ்பிஎஃப்பைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது தோலில் ஒரு சதுர சென்டிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். ஒரு முகம் ஏறக்குறைய 550 சதுர சென்டிமீற்றர் என்று வைத்தால் 1.1 கிராம் வேண்டும். டீச்சர் பூசியது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவில் 15 என்ற எண் 15 ஆக இருக்காது, மிகவும் கீழே இறங்கிவிடும். டப்பாவுக்குள் விரல் நுனியை விட்டு ஐந்து பொட்டு வைத்துத் தேய்க்கிற பழக்கத்தில் எல்லோருக்கும் நடப்பது இதுதான். டியூப் என்றால் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிப் பார்த்து ஓரளவு அளந்துகொள்ளலாம்.

கொழும்பில் நண்பகல் யூவி சுட்டெண் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். எஸ்பிஎஃப் 50, பிஏ நாலு கூட்டல் போட்ட டியூப் ஒன்றை எடுக்கச் சொன்னேன். பழைய டப்பாவை எறிய வேண்டியதில்லை. இரவில் ஈரப்பதத்துக்குப் பூசி முடிக்கலாம்.

"அப்ப 50 கிராம் டியூப் எத்தனை நாளைக்கு வரும்?"

முகத்துக்கு மட்டும், காலையில் ஒரு தடவை என்றால் ஒன்றரை மாதம். பாடசாலை விட்டு வெளியே வருமுன் இன்னொரு தடவை பூசினால் மூன்று வாரம்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "மத்தியானத்துக்குக் குடை பிடிக்கிறன், தங்கச்சி."

சரி, பிடியுங்கள் டீச்சர், ஆனால் காலையில் இரண்டு விரல் அளவைக் குறைக்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.