வீடு பார்க்க வண்டி ஏறும் முன், புரோக்கருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்

பாலக்காட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் கோவை, பொள்ளாச்சிக்காரர்களும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் வாடகை ஒப்பந்தம் எழுத என்னிடம் வருகிறார்கள். 11 மாத ஒப்பந்தம் எழுதுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் புரோக்கர் கமிஷன் சண்டையைத் தீர்த்துவைக்க அரை நாள் போய்விடுகிறது. போன வாரம் வந்த வழக்கோடு என் பொறுமை தீர்ந்தது.

பொள்ளாச்சி இளைஞர் ஒருவர். மாடி வீடு, வாடகை 14,000 ரூபாய், பராமரிப்பு 1,000, அட்வான்ஸ் 50,000. புதன்கிழமை ஒரு புரோக்கர் அவருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். இவர் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறொரு புரோக்கர் இவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நான்கு வீடுகளைக் காட்டினார். மூன்றாவதாகப் பார்த்தது அதே வீடு. படங்களில் உள்ளறைகள் மட்டுமே இருந்ததால் இவருக்கு அடையாளம் தெரியவில்லை. சாவி வாங்கப் போன நாளில் வாசலில் இரண்டு புரோக்கர்களும் நின்றார்கள். வீட்டைக் காட்டியவர், மாதாமாதம் உரிமையாளர் வாங்குவது 15,000 என்பதால் ஒரு மாத கமிஷன் 15,000 என்றார். படம் அனுப்பியவர், வீட்டை முதலில் சொன்னது நான்தான், எனக்கும் பங்கு உண்டு என்றார். நீங்கள் மூவரும் முடித்துக்கொண்டு வாருங்கள், பிறகு சாவி தருகிறேன் என்று உரிமையாளர் உள்ளே போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி தெருவில் காத்திருந்தது. கடைசியில் ஒருவருக்கு 14,000, மற்றவருக்கு 4,000 என்று சமரசம் ஆனது. படம் அனுப்பியவருக்குக் கொடுத்த 4,000 தேவையே இல்லாத பணம். கேட்காத படத்தை அனுப்பியதால் மட்டும் யாரும் உங்கள் முகவர் ஆகிவிடுவதில்லை. அதை வாசலில் நின்று நிறுவ இளைஞர் கையில் ஒன்றும் இல்லை; பேச்செல்லாம் தொலைபேசியில் நடந்திருந்தது.

கமிஷன் எவ்வளவு என்று முன்பே கேட்டீர்களா என்றேன். "ஒரு மாத வாடகைதானே சார், சட்டத்திலேயே அப்படித்தானே இருக்கிறது" என்றார்.

இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் இன்னொருவர் அதையே சொல்லிக்கொண்டு வருகிறார். வாடகை வீட்டுக்கு இவ்வளவுதான் கமிஷன் என்று கேரளத்தில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தைச் சிலர் காட்டுகிறார்கள். பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்க உதவும் முகவர்களைப் பற்றிப் பேசும் சட்டம் அது. வாடகை வீடு காட்டுபவரைப் பற்றியது அல்ல. விற்பனைக்கும்கூட அது கமிஷன் விகிதம் எதையும் வகுக்கவில்லை. ஒரு மாதம் என்பது ஊர் வழக்கம். சிலர் அரை மாதம் வாங்குகிறார்கள், சிலர் உரிமையாளரிடமும் தனியாக வாங்குகிறார்கள். வழக்கம் என்றால் பேசி முடிவு செய்வது என்றுதான் பொருள். பேசாமல் விட்டால், சாவி வாங்கும் நாளில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொன்னதுதான் தொகை.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளத்தில் 'பகுதி' என்றால் பாதி. "கமிஷன் ஒரு மாதம், பகுதி முன்பே வேண்டும்" என்று புரோக்கர் சொன்னால், தமிழர் ஏதோ ஒரு பங்கு என்று எண்ணி 2,000 ரூபாயை நீட்டுகிறார். அவரோ 7,000 எதிர்பார்த்து நிற்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆகவே மாதம், பாதி, சதவீதம் எதையும் நம்பாதீர்கள். ரூபாயில் கேளுங்கள்.

எப்போது கேட்பது? வீடு பார்க்க நேரம் கேட்கும் அதே செய்தியில். பார்த்துப் பிடித்துப்போன பிறகு கேட்டால் பேரம் பேசும் வலு போய்விடும். நேரம் குறித்த செய்திக்கு இன்னொரு பயனும் இருக்கிறது: எந்த வீட்டை, எந்த நாளில், யார் காட்டினார் என்பதற்கு அதுவே பதிவு. இரண்டு புரோக்கர் தகராறில் முதலில் தேடப்படுவது இதுதான். நான் எழுதித்தரும் செய்தி இது:

"வணக்கம் அண்ணா. கஞ்சிக்கோட்டில் நீங்கள் சொன்ன மாடி வீட்டை, வாடகை 14,000, சனிக்கிழமை மாலை 5 மணிக்கோ ஞாயிறு காலை 8 மணிக்கோ பார்க்க வருகிறோம். எந்த நேரம் வசதி, வீட்டைத் திறந்துகாட்ட யார் இருப்பார்கள்? இந்த வீட்டை எடுத்தால் உங்கள் கமிஷன் மொத்தம் எத்தனை ரூபாய் என்று சொல்லுங்கள். பராமரிப்புத் தொகையைச் சேர்க்காமல் வாடகையை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டுகிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சாவி கிடைத்த அன்று கொடுத்துவிடுகிறோம். வீடு காட்டுவதற்குத் தனிக் கட்டணமோ, 11 மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது மறுபடி கமிஷனோ உண்டா?"

காலை 8 மணி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதை மதியம் 2 மணிக்குப் பார்த்து அறிய முடியாது.

சாவி கிடைத்த அன்று என்று கேட்பது சலுகை அல்ல. தனியாக வேறு ஏற்பாடு இல்லையென்றால், வேலை முடிந்த பிறகே முகவருக்கு ஊதியம் சேரும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 219 சொல்கிறது. முன்பணம் கேட்டால் நீங்கள் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம்; ஒப்புக்கொண்டால், வீடு கிடைக்காவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுதிக் கேளுங்கள். கமிஷனோடு 18 சதவீத ஜிஎஸ்டி கேட்டால், பதிவு எண்ணுடன் ரசீது கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது.

"நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். தொலைபேசியில் பேசிவிட்டு, "சற்றுமுன் பேசியபடி கமிஷன் 14,000, சாவி அன்று தருகிறோம், சரிதானே" என்று ஒரு வரி எழுதுங்கள். "சரி" என்ற பதில் போதும். அதற்கும் மறுப்பவரின் வண்டியில் ஏறாதீர்கள். பிறகு அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டு வருபவர்களால் எனக்குத் தலைவலி. நீதிமன்றம் வரை போனால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும், அதற்கு மூலம் இருக்கும் தொலைபேசி வேண்டும்.

இப்படி எழுதிக் கேட்டால் புரோக்கர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்குபவர்களே அதிகம். எனக்குத் தெரிந்த நல்ல புரோக்கர்கள் இதை விரும்புகிறார்கள். புரோக்கர் நான்கு நாள் அலைந்து காட்டிய வீட்டை, அவரைத் தாண்டி உரிமையாளரிடம் நேராகப் போய் முடித்துக்கொண்டு கமிஷன் தர மறுக்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது தவறு. அவர் காட்டியதால்தான் வீடு கிடைத்தது என்றால் பேசிய தொகையைக் கொடுக்க வேண்டும். அப்போது அவருக்கும் அதே செய்திதான் சாட்சி.

அந்தப் பொள்ளாச்சி இளைஞரின் தங்கைக்கும் இப்போது கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நேற்று தங்கை ஒரு புரோக்கருக்கு, மேலே உள்ள செய்தியில் வாடகையையும் நேரத்தையும் மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ஞாயிறு 8 மணி. வாடகை 9,000, கமிஷன் பகுதி மதி." பாதி போதும் என்கிறார் புரோக்கர். தங்கை உடனே எழுதினார்: "அப்படியானால் 4,500 ரூபாய், சாவி அன்று, சரிதானே?"

"சரி" என்று வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக்கு பஸ் நேரம் பார்த்தார்.