அப்பாவின் சிங்பாஸும் மூன்று கணக்குகளும்

"அப்பாவோட சிங்பாஸ் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அண்ணே. நானே உள்ளே போய் வரியைத் தாக்கல் பண்ணிடட்டுமா?" வாடிக்கையாளர் ஒருவரின் மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். சிங்கப்பூர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸில் இறந்தவர் பெயரில் நுழைந்து கையொப்பமிடும் உரிமை பிள்ளைக்கும் கிடையாது.

அவருடைய அப்பா இறந்தது 2024 பிப்ரவரி 20. உயில் எழுதவில்லை. அவர் பெயரில் மட்டும் இருந்த ஒரு வீட்டிலிருந்து மாதம் 3,000 வெள்ளி வாடகை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கொடுக்க வேண்டிய வாடகை.

குடும்பம் நினைத்தது ஒரே ஒரு படிவம். உண்மையில் மூன்று கணக்குகள் இருந்தன. முதலாவது 2023 முழு ஆண்டின் வருமானம். அதைத் தாக்கல் செய்ய 2024 ஏப்ரல் 18 வரை அவகாசம் இருந்தது, ஆனால் அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இரண்டாவது 2024 ஜனவரி 1 முதல் இறந்த நாள் வரையிலானது. ஜனவரி, பிப்ரவரி வாடகை 6,000 வெள்ளி. அதில் 15 சதவீதத்தை, அதாவது 900 வெள்ளியை, ரசீது இல்லாமலே செலவாகக் கழிக்கலாம். வீட்டுக்கடன் இல்லாததால் வட்டிக் கழிவு இல்லை. மீதி 5,100 வெள்ளிதான் அப்பாவின் வாடகை வருமானம்.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மார்ச் முதல் வந்த பத்து மாத வாடகை 30,000 வெள்ளி அப்பாவின் வருமானம் இல்லை. வாடகை தன் வங்கிக்கணக்கில் விழுந்ததால் மகன் அதைத் தன் படிவத்தில் சேர்க்கப் பார்த்தார். அதுவும் சரியில்லை. சொத்து பிரிக்கப்படும் வரை அது இறந்தவரின் எஸ்டேட், அதாவது அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்து, ஈட்டும் வருமானம். அதற்குத் தனிப் படிவம், Form T. வீடு அம்மாவோடு கூட்டு உரிமையில், அதாவது ஜாயின்ட் டெனன்சியில், இருந்திருந்தால் கதையே வேறு. வீடு நேராக அம்மாவுக்குப் போயிருக்கும், அப்புறம் வந்த வாடகையும் அவர் கணக்கில்தான்.

சரி, யார் தாக்கல் செய்வது? வாரிசு என்பதாலேயே எல்லாருக்கும் அந்தப் பொறுப்பு வந்துவிடாது. உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவர். இல்லையென்றால் நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி. இங்கே அம்மாதான் நிர்வாகி ஆனார். இறப்புச் சான்றிதழையும் நீதிமன்ற ஆணையையும் காட்டி வருமான வரி ஆணையத்துக்குத் தெரிவித்தார்.

மத்திய சேமநிதிப் பணமும் காப்பீட்டுத் தொகையும் வருமானமா என்று அம்மா கேட்டார். இல்லை. ஆனால் இறப்பதற்கு முன்பு வேலை செய்த நாட்களுக்கான சம்பளம் வருமானம்தான்.

இன்னொரு சிக்கல், அப்பாவின் வங்கிக்கணக்கு முடங்கியதும் ஜைரோ வழியாகத் தவணையில் போய்க்கொண்டிருந்த பழைய வரியும் நின்றுவிட்டது. கடிதம் வந்தபோது யாரும் பிரிக்கவில்லை, அப்பா பெயருக்கு வந்ததாயிற்றே! அந்தப் பாக்கியை எஸ்டேட்டிலிருந்துதான் கட்ட வேண்டும், அதுவும் பங்கு பிரிப்பதற்கு முன்பு. மகளுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. இருந்தும் மூன்று கணக்குகளுக்கும் வரிக் கணிப்பு அறிவிப்பு வரும்வரை ஒரு தொகையைத் தனியே வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தார் அம்மா.