அமெரிக்கக் கம்பெனி காப்பீடு: அட்டையை நீட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காப்பீட்டு அட்டையை நீட்டினால் போதும் என்று நம்பி மருத்துவமனைக்குப் போகிறார்கள். சில வாரம் கழித்துத் தபாலில் பில் வந்ததும் இடிந்துபோகிறார்கள். அப்படிப் பலரைப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

டாக்டரைப் பார்க்கும்போது கவுன்டரில் கட்டும் 30 டாலர் மாதிரியான தொகைதான் கோ-பே. அதைக் கட்டியதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்கேன், ஆபரேஷன் என்றால் டிடக்டிபிள் வரும். அதாவது, வருடத்தில் முதலில் இவ்வளவு தொகை உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதற்குப் பிறகே காப்பீடு பங்கு போடும். பெரும்பாலான திட்டங்களில் கோ-பே இந்தக் கணக்கில் சேராது.

டிடக்டிபிள் 1,500 டாலர், அதன்பின் உங்கள் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆபரேஷனுக்கு மருத்துவமனை 12,000 டாலர் பில் போடுகிறது. அது நெட்வொர்க் மருத்துவமனை, அதாவது உங்கள் காப்பீட்டுக் கம்பெனியோடு விலை ஒப்பந்தம் போட்ட மருத்துவமனை என்றால், அந்த ஒப்பந்த விலை, உதாரணமாக 7,000 டாலர்தான் கணக்கு. 1,500 உங்களுடையது. மீதி 5,500-இல் 20 சதவீதம் 1,100. மொத்தம் 2,600 டாலரோடு முடியும்.

நெட்வொர்க்குக்கு வெளியே போனால் டிடக்டிபிளே தனி, 3,000 என்று இருக்கலாம். அதே 12,000 டாலர் பில்லில் காப்பீட்டுக் கம்பெனி 5,000 டாலரைத்தான் நியாயமான விலையாக ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் 3,000 உங்களுடையது. மிச்ச 2,000-இல் உங்கள் பங்கு 40 சதவீதம், 800. ஏற்காத 7,000 டாலரையும் மருத்துவமனை உங்களிடமே கேட்கும். ஆக 10,800 டாலர். சில திட்டங்களில் வெளியே போனால், அவசர சிகிச்சை தவிர, ஒரு பைசாகூடக் கிடைக்காது.

அதனால் "இந்தக் காப்பீட்டை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். பில்லை அனுப்பிப் பார்ப்போம் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அட்டையில் உள்ள திட்டத்தின் பெயரைச் சொல்லி, "இந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பிறகு அட்டையின் பின்புற எண்ணுக்கு அழைத்து மருத்துவமனை, சர்ஜன், லேப் மூன்றையும் தனித்தனியாக உறுதிசெய்து, அழைப்பின் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். இணையதளப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள்; விலகிப்போன டாக்டர்களின் பெயரைக்கூட நீக்காமல் வைத்திருக்கிறார்கள்.

நெட்வொர்க் மருத்துவமனையிலேயே மயக்க மருந்து டாக்டர் மட்டும் நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பதுண்டு. 2022 ஜனவரியிலிருந்து அமலில் உள்ள சட்டப்படி அவர் கூடுதல் பில் அனுப்ப முடியாது. அவசர சிகிச்சைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. சாலையில் வரும் ஆம்புலன்சுக்கு இந்தச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நவம்பரில் சேர்ந்தவர்கள் தேதி பாருங்கள். பல திட்டங்களில் ஜனவரி 1 அன்று டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பில் வந்ததும் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். காப்பீட்டுக் கம்பெனியின் கணக்கு விளக்கத் தாள் வரட்டும். அதில் 'உங்கள் பொறுப்பு' என்றிருக்கும் தொகையும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால் மருத்துவமனையிடம் கேளுங்கள். காப்பீடு மறுத்திருந்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் இருக்கிறது. அதை எழுத்தில் அனுப்புங்கள்.