பி.இ. 8 தான் சார், சும்மா கிடைக்குது!

இந்த வாசகத்த நான் கேட்காத மாசமே இல்லன்னு ஆயிடுச்சு. பி.இ.ன்னா ஷேர் விலை வருஷ லாபத்துல எத்தன மடங்குன்னு சொல்ற நம்பர். போன வாரம் ஒருத்தர் வந்தாரு, சேமிப்புல பாதிக்கு மேல ஒரே கம்பெனி ஷேர்ல போட்டிருக்காரு, விலை இறங்க இறங்க இன்னும் வாங்கிட்டே இருக்காரு, இப்ப பர்சனல் லோன் எடுத்து ஆவரேஜ் பண்ணலாமான்னு கேக்க வந்திருக்காரு. ஏன் இந்த ஷேர்னு கேட்டேன். "பி.இ. 8 தான் சார், அதே தொழில்ல இருக்கற இன்னொரு கம்பெனி 18ல போகுது, இது பாதி விலைக்கும் கம்மி"ன்னாரு. பேலன்ஸ் ஷீட் பாத்தீங்களா? இல்ல. கேஷ் ஃப்ளோ? "கேஷ் 70 கோடில இருந்து 100 கோடி ஆயிருக்கு சார், நல்லாதான் இருக்கு." அதுக்கு மேல எனக்கு பொறுமை இல்ல, அதான் இத எழுதறேன். கம்பெனி பேர் சொல்லப் போறதில்ல, நம்பரை மட்டும் கணக்கு புரியறதுக்காக ரவுண்ட் பண்ணிருக்கேன்.

ஷேர் விலை 72, மொத்தம் 10 கோடி ஷேர், அதனால மார்க்கெட் மதிப்பு 720 கோடி. வருஷ லாபம் 90 கோடி. 720ஐ 90ஆல வகுத்தா 8. இதுவரைக்கும் அவர் கணக்குல தப்பே இல்ல. தப்பு எங்கன்னா, 720 கோடிக்கு அந்த பிசினஸ் கிடைக்குதுன்னு நினைச்சது.

கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா எல்லாரும் வழுக்கி விழற இடம் இதுதான். 50 லட்சம் பெறுமானமுள்ள வீட்டுக்கு மேல 40 லட்சம் கடன் இருக்கு, கடனோட சேத்து உங்களுக்கு 10 லட்சத்துக்கு தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. வீடு 10 லட்சத்துக்கு கிடைச்சுதுன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லுவீங்களா? மாட்டீங்க. ஆனா ஷேர்ல மட்டும் அப்படித்தான் சொல்றீங்க. பி.இ.ல இருக்கற 'பி' ஷேர்காரங்க பங்கோட விலை மட்டும்தான், பேங்க்காரன் பங்கு அதுல வர்றதே இல்ல. இந்த கம்பெனிக்கு கடன் 1,400 கோடி, கைல கேஷ் 100 கோடி. அப்ப மொத்த பிசினஸோட விலை 720 கூட்டல் 1,400 கழித்தல் 100, அதாவது 2,020 கோடி. இதத்தான் நாங்க எண்டர்ப்ரைஸ் வேல்யூன்னு சொல்றோம். இத எதோட ஒப்பிடணும்னா, வட்டி கட்டறதுக்கு முன்னாடி தொழில் மட்டும் சம்பாதிச்ச லாபத்தோட.

அந்த லாபம் எவ்வளவு? வரிக்கு முன்னாடி லாபம் 120 கோடி, அதுல 40 கோடி ஒரு நிலத்த வித்த லாபம். நிலம் வருஷா வருஷம் விக்க முடியாது, அத தூக்கிடுங்க, 80. கட்டின வட்டி 140 கோடிய திருப்பி சேருங்க, 220 கோடி. 2,020ஐ 220ஆல வகுத்தா சுமார் 9.2 மடங்கு. இப்ப அந்த 18 பி.இ. கம்பெனிய பாருங்க. மார்க்கெட் மதிப்பு 1,890 கோடி, கடன் சுத்தமா கிடையாது, கேஷ் 200 கோடி, அப்ப பிசினஸ் விலை 1,690. தொழில் லாபம் 130. 13 மடங்கு. எட்டுக்கும் பதினெட்டுக்கும் இருந்த தூரம் ஒன்பதுக்கும் பதிமூணுக்கும்னு சுருங்கிடுச்சு பாத்தீங்களா, இன்னும் கேஷ் ஃப்ளோவ தொடவே இல்ல நாம.

லாபம்னு எழுதினதெல்லாம் பணமா வந்துச்சான்னு பாக்கற இடம் அது. நான் எந்த ஆண்டறிக்கைய எடுத்தாலும் சேர்மன் கடிதத்துக்கு போறதே இல்ல, நேரா கேஷ் ஃப்ளோ பக்கம், அப்புறம் கடன் பத்தின நோட்ஸ், அதுக்கப்புறம்தான் லாப நஷ்டக் கணக்கு.

இந்த கம்பெனிக்கு விற்பனை 1,000 கோடில இருந்து 1,200 ஆச்சு, 20% வளர்ச்சின்னு எல்லாரும் கைதட்டினாங்க. ஆனா வாடிக்கையாளர்கிட்ட இருந்து வர வேண்டிய பாக்கி 240 கோடில இருந்து 450 கோடி ஆயிருக்கு. அதாவது போன வருஷம் சரக்கு வித்தா 88 நாள்ல பணம் வந்துச்சு, இப்ப 137 நாள் ஆகுது. வித்தது கூடினது 200 கோடி, பாக்கி கூடினது 210 கோடி. கூடுதலா வித்தது மொத்தமும் கடனுக்கு போயிருக்கு, அதுக்கு மேலயும் போயிருக்கு. இப்படி பாத்தா கிடங்கு காலியாகறதுக்காக டீலர் தலைல சரக்க கட்டினாங்களோன்னு கேக்கத் தோணும், நான் கண்டிப்பா கேப்பேன்.

தொழில் நடத்தினதுல கைக்கு வந்த பணம், அதாவது ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோன்னு அறிக்கைல போட்டிருக்கறது 20 கோடி. நம்ம ஆளு "பாசிட்டிவ் தானே சார்"னாரு. இங்க ஒரு கண்ணி இருக்கு, தயவுசெஞ்சு கவனிங்க. கட்டின வட்டி பல கம்பெனி அறிக்கைல இந்த ஆபரேட்டிங் பகுதியிலயே வராது, கீழ, கடன் வாங்கினது கட்டினதெல்லாம் வர்ற ஃபைனான்சிங் பகுதியில உக்காந்திருக்கும். சர்வதேச கணக்கு விதி ரொம்ப காலமா அப்படி போட இடம் கொடுத்துச்சு, அதனால ரெண்டு கம்பெனிய ஒப்பிடும்போது வட்டி எந்த பகுதியில இருக்குன்னு பாக்காம ஒப்பிடவே கூடாது. வாடகை ஒப்பந்தத்துல அசல் கட்டறதும் அப்படித்தான், 2019ல ஐஎஃப்ஆர்எஸ் 16ங்கற வாடகை ஒப்பந்த கணக்கு விதி வந்ததுக்கு அப்புறம் பெரும்பாலும் கீழ போயிடுச்சு. இங்க வட்டி 140 கோடிய மேல கொண்டு வந்தீங்கன்னா 20 இல்ல, மைனஸ் 120. மெஷின ஓட்டிட்டே இருக்க மட்டும் 70 கோடி செலவு பண்ணிருக்காங்க, மைனஸ் 190.

அப்ப கேஷ் 30 கோடி எப்படி கூடுச்சு? புதுசா 200 கோடி கடன் வாங்கினாங்க, நிலம் வித்து 50 கோடி வந்துச்சு, அதுல 190 பள்ளத்த மூடி, 30 கோடி டிவிடெண்ட் கொடுத்து, மீதி 30 பேங்க்ல கிடக்கு. அவர் சந்தோஷமா வாங்கின டிவிடெண்ட் பேங்க் கடன்ல வந்த காசு. இத சொன்னப்ப அவர் முகம் மாறினத பாக்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு.

இன்னொரு சின்ன சோதனை, எங்க ஆளுங்க எல்லாரும் பண்ணுவோம், ஆனா வெளிய யாரும் சொல்லித் தர்றதில்ல. கடன் வருஷ ஆரம்பத்துல 1,200, கடைசில 1,400, சராசரி 1,300. வட்டி 140. அப்ப வட்டி விகிதம் கிட்டத்தட்ட 10.8% வருது. ஆனா நோட்ஸ்ல இவங்க கடன் எல்லாம் 9% சுத்திதான்னு போட்டிருக்கு. 9%ல 140 கோடி வட்டி வரணும்னா வருஷம் முழுக்க சுமார் 1,555 கோடி கடன் இருந்திருக்கணும். அதாவது மார்ச்சோ டிசம்பரோ, எந்த தேதில கணக்கு முடிக்கறாங்களோ அந்த ஒரு நாளைக்கு மட்டும் கடன இறக்கி காட்டிட்டு மறுபடி ஏத்திருக்கலாம். பேங்க் கட்டணம் மாதிரி வேற காரணமும் இருக்கலாம், ஆனா கேள்வி கேக்காம விடக் கூடாத இடம் இது. கடன் இன்னொரு பேர்லயும் ஒளிஞ்சிருக்கும். 2018 ஜனவரில மூழ்கின பிரிட்டன் கட்டுமான கம்பெனி கரில்லியன்ல, சப்ளையர்களுக்கு பேங்க் முன்கூட்டியே பணம் கொடுத்துடும், கம்பெனி பிறகு பேங்குக்கு கட்டும், ஆனா பேலன்ஸ் ஷீட்ல அது கடன்னு வராம கொடுக்க வேண்டிய பாக்கின்னு கிடந்துச்சு. இந்த ஏற்பாட்ட நோட்ஸ்ல தனியா சொல்லணும்னு சர்வதேச விதி 2024ல தான் வந்துச்சு.

சரி, கடைசில ஷேருக்கு என்னதான் மதிப்பு? இந்த தொழிலுக்கு லாபத்துல 9 மடங்கு கொடுக்கலாம்னு வைங்க. 220 தடவ 9, 1,980 கோடி. 1,400 கடன்ல கேஷ் 100 கழிச்சா வர்ற நிகர கடன் 1,300 போக ஷேர்காரங்களுக்கு 680 கோடி, ஷேருக்கு 68. இப்ப நோட்ஸ்ல பாக்கியோட வயச பாத்தோம், 450ல 130 கோடி ஆறு மாசத்துக்கு மேல வராம நிக்குது. அப்படி தள்ளிவிட்டு வித்தது அடுத்த வருஷம் குறைஞ்சு தொழில் லாபம் 180க்கு இறங்குதுன்னு வைங்க. 1,620 கோடி, கடன் அப்படியேதான் இருக்கும், மீதி 320 கோடி, ஷேருக்கு 32. லாபம் 18% தான் இறங்குச்சு, உங்க பங்கு பாதிக்கு மேல போயிடுச்சு. கடனில்லாத அந்த கம்பெனிக்கு இதே 18% இறங்கினா இப்படி பாதியாகாது. அந்த 130 கோடில வராம போறத இன்னும் நான் கழிக்கவே இல்ல.

எல்லா இடத்துக்கும் இதே அளவுகோல் இல்ல, அதையும் சொல்லிடறேன். பேங்க், கடன் கொடுக்கற கம்பெனிகளுக்கு கடன்தான் சரக்கு, அங்க எண்டர்ப்ரைஸ் வேல்யூ போட்டு பாக்காதீங்க. வேகமா வளர்ற நல்ல கம்பெனிக்கும் ஒரு வருஷம் கேஷ் ஃப்ளோ மைனஸ் ஆகலாம், அதனால ஒரு வருஷத்த வெச்சு முடிவு பண்ணாம அஞ்சு வருஷ லாபத்த கூட்டுங்க, வட்டி கழிச்ச ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோவ கூட்டுங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இல்லன்னா காரணம் கிடைக்கற வரைக்கும் பட்டன அமுக்காதீங்க. இரும்பு, சிமெண்ட் மாதிரி ஏத்த இறக்க தொழில்ல பி.இ. ரொம்ப கம்மியா தெரியறது பெரும்பாலும் லாபம் உச்சத்துல இருக்கும்போதுதான், அங்க பல வருஷ சராசரி லாபத்த எடுங்க.

அப்புறம் கடன்ல எவ்வளவு ஒரு வருஷத்துக்குள்ள திருப்பி கட்டணும்னு பாருங்க. இந்த கம்பெனிக்கு 600 கோடி. கைல 100 தான். பேங்க் புதுப்பிச்சு கொடுத்தாத்தான் ஓடும், கொடுக்கலன்னா சல்லிசா புது ஷேர் வித்து பணம் திரட்டுவாங்க, உங்க பங்கு இன்னும் கரையும்.

பர்சனல் லோன் விண்ணப்பத்த அவர் அன்னிக்கே போன்ல கேன்சல் பண்ணினாரு. கைல இருக்கற ஷேர என்ன பண்றதுன்னு கேட்டாரு. நீங்க வாங்கின விலைய மறந்துடுங்க, கைல ஷேரே இல்லாம 720 கோடி பணமா இருந்தா இந்த 1,300 கோடி நிகர கடனோட சேத்து இந்த தொழில வாங்குவீங்களான்னு மட்டும் யோசிங்கன்னேன். ரொம்ப நேரம் பேசல. போகும்போது அந்த ஆண்டறிக்கைய பிரிண்ட் எடுத்து தர முடியுமான்னு கேட்டாரு, கேஷ் ஃப்ளோ பக்கத்தையும் கடன் நோட்ஸையும் மட்டும் எடுத்து கொடுத்தேன்.